உறைபனி இரவும் ஈரக்குமிழ் வெப்பமானியும்
மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளருக்கான குறிப்பு

தை, மாசி மாதங்களில் நுவரெலியா, அம்பேவளை, அக்கரப்பத்தனை ஆகிய பகுதிகளிற் சில இரவுகளில் துகள் உறைபனி விழுவதை இப்பகுதிக் கமக்காரர் யாவரும் அறிவர். வானம் தெளிந்து, காற்று அடங்கி, மேகமற்றிருக்கும் இரவின் பின், விடியற்காலையில் உருளைக்கிழங்குச் செடிகள் வெந்நீர் ஊற்றியவை போற் கறுத்துத் துவண்டு கிடப்பதைக் காண்கிறோம். இதனைத் தடுக்கும் பொருட்டு இரவிற் செடிகளுக்கு நீர் தூவும் வழக்கம் உண்டு. ஆயினும், நீர் தூவிய பாத்தி சில வேளைகளில் தப்புவதும், வேறு சில வேளைகளில் நீர் தூவாத அயற்பாத்தியை விடக் கூடுதலாகக் கருகுவதும் உண்டு. ஒரே நீர் ஓரிரவு காப்பதும் மற்றோரிரவு கெடுப்பதும் ஏன் என்பதை விளக்குவதும், எந்நேரத்தில் தூவத் தொடங்குவது என்பதை முன்மாலையிலேயே கணிக்கும் முறையைக் கூறுவதும் இக்குறிப்பின் நோக்கமாகும். இதற்கு வேண்டிய கருவி இரண்டு வெப்பமானிகளும் ஒரு துண்டுப் பருத்தித் துணியுமே.

1. ஈரமான பொருள் ஏன் குளிர்கின்றது?

தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் அருகருகே தொங்குவதைப் பலர் கண்டிருப்பர். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும். மற்றதன் குமிழ் நீரில் நனைந்த துணியாற் சுற்றப்பட்டிருக்கும். முதலாவது உலர்குமிழ், இரண்டாவது ஈரக்குமிழ் எனப்படும். காற்று ஈரத்தால் நிரம்பியிருக்கும் மழைநாளில் இரண்டும் ஒரே அளவைக் காட்டும். காற்று உலர்ந்திருக்கும் நாளில் ஈரக்குமிழ் பல பாகைகள் குறைவாகக் காட்டும். கொழுந்து எவ்வளவு விரைவாக வாடும் என்பதை அவ்வேறுபாட்டைக் கொண்டே மதிப்பிடுவர்.

ஈரக்குமிழின் நிலையை ஒரு வீட்டின் வரவு செலவுக் கணக்குப் போற் கருதலாம். துணியிலுள்ள நீர் ஆவியாகும் போது வெப்பம் செலவாகின்றது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 600 கலோரி வெப்பம் வேண்டும். இச்செலவினாற் குமிழ் குளிர்கின்றது. குமிழ் குளிர்ந்ததும், அதனைச் சுற்றி ஓடும் வெப்பமான காற்றிலிருந்து மேற்காவுகையால் வெப்பம் குமிழுக்கு வந்து சேருகின்றது. இது வரவு. குமிழ் மேலும் குளிரக் குளிர வரவு கூடுகின்றது. ஏனெனில் காற்றுக்கும் குமிழுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு அதிகரிக்கின்றது. அதே வேளையிற் செலவு குறைகின்றது. ஏனெனிற் குளிர்ந்த நீரிலிருந்து ஆவி எழுவது குறைவு. ஓரிடத்தில் வரவும் செலவும் சமமாகின்றன. அதற்குப் பின் குமிழ் குளிர்வதில்லை. அந்த இடமே ஈரக்குமிழ் வெப்பநிலை.

நீர் தூவப்பட்ட ஓர் இலையும் துணி சுற்றிய குமிழும் இவ்வகையில் ஒன்றே. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேல் 2 பாகையாக இருக்கும் போதும், காற்று போதிய அளவு உலர்ந்திருந்தால், ஈரமான இலை 0 பாகைக்குக் கீழே இறங்கும். உலர்குமிழை மட்டும் பார்த்து நீர் தூவுவோர் ஏமாறுவது இங்கேயே.

2. வெப்பமும் ஆவியும் ஒரே வழியிற் செல்கின்றன

காற்று பலமாக வீசினால் ஈரக்குமிழ் மேலும் இறங்குமா என்று வினவலாம். ஈரத்துணி காற்றில் விரைவாக உலருவதை நாம் அறிவோம். ஆகவே குமிழும் மேலும் குளிரும் என்றே முதலில் தோன்றும். ஆனால் உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. அதன் காரணம் பின்வருமாறு.

குமிழைச் சுற்றி மிக மெல்லிய காற்றுப் படை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் வெப்பம் இப்படையைக் கடந்தே குமிழை அடைய வேண்டும். குமிழிலிருந்து எழும் ஆவியும் அதே படையைக் கடந்தே வெளியேற வேண்டும். பலமான காற்று இப்படையை மெலிதாக்கும். அவ்வாறு மெலிதாகும் போது வெப்பத்துக்கும் ஆவிக்கும் வழி ஒரே விகிதத்திற் சுலபமாகின்றது. செலவு இரட்டித்தால் வரவும் இரட்டிக்கின்றது. சமநிலை இடம் மாறுவதில்லை. துணி விரைவில் உலரும், ஆயினும் அதன் வெப்பநிலை அதுவாகவே இருக்கும்.

இவ்வாறு வெப்பக் கடத்தலும் ஆவிக் கடத்தலும் ஒன்றையொன்று ஒத்து நடக்கின்றன என்னும் கருத்தை லூயிஸ் என்பவர் 1922இல் ஆவியாதலைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். சில்ற்றன், கோல்பேர்ன் என்னும் இருவர் 1934இல் அவ்வொப்புமையைத் திருத்தமான சூத்திரமாக்கினர். அதன்படி, ஒன்றின் வேகத்தை அறிந்தால் மற்றதன் வேகத்தையும் அறியலாம். காற்றோட்டம் எவ்வளவு என்று அளக்க வேண்டியதே இல்லை. வரவிலும் செலவிலும் அது பொதுவாக நிற்பதாற் கணக்கிலிருந்து நீங்கி விடுகின்றது.

இவ்வொப்புமை முழுமையானதன்று. நீராவி காற்றினூடே பரவும் வேகம், வெப்பம் பரவும் வேகத்தை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதிகம். ஆகவே மேற்கூறிய சூத்திரப்படி வெப்ப வரவை 0.9 ஆற் பெருக்கிக் கணக்கிடல் வேண்டும். ஆனால் குமிழுக்கு மேற்காவுகையால் வரும் வெப்பம் மட்டுமன்றிச் சுற்றுப்புறப் பொருள்களிலிருந்து கதிர்வீசலாலும் சிறிது வெப்பம் வருகின்றது. நன்றாக விசிறப்படும் சாதாரண குமிழில் இது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு. ஒன்று குறைக்க, மற்றது கூட்ட, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. எனவே 0.9 என்பதை விட்டு 1 எனவே வைத்துக் கணக்கிட்டாலும் விடை சரியாகவே வரும். கமக்காரருக்கு இது நற்பேறு; ஏனெனிற் கணக்கு மிக எளிதாகி விடுகின்றது.

விசிறாத குமிழிற் கதை வேறு. காற்று அசையாதிருந்தால் மேற்காவுகையும் ஆவியாதலும் இரண்டும் மெலிகின்றன. ஆனாற் கதிர்வீசல் குறைவதில்லை. கூரையின் கீழ் அசைவற்றுத் தொங்கும் ஈரக்குமிழ் உண்மையை விட உயர்வாகவே காட்டும். அதனை நம்பினால் இலை உறையும் நேரத்திலும் ஆபத்தில்லை என்றே எண்ண நேரும். உறைபனி விழும் இரவுகள் காற்றடங்கிய இரவுகளே ஆதலின், குமிழை விசிறுதல் இன்றியமையாதது.

3. கணக்கு

மலைநாட்டில் ஏறக்குறைய 1,850 மீற்றர் உயரத்திற் காற்றின் அமுக்கம் 810 மில்லிபார் அளவாகும். கடல் மட்டத்தில் இது 1,013 மில்லிபார். இவ்வுயரத்தில் ஒரு கன மீற்றர் குளிர்ந்த காற்றின் நிறை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். ஆகவே ஒரு கிலோகிராம் காற்றையே நமது அளவாகக் கொள்வோம்.

ஒரு கிலோகிராம் காற்று ஒரு பாகை குளிரும் போது 240 கலோரி வெப்பத்தைக் கொடுக்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக 600 கலோரி வேண்டும். 240ஐ 600ஆற் பிரித்தால் 0.4 வரும். எனவே உலர்குமிழுக்கும் ஈரக்குமிழுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு பாகை வேறுபாட்டுக்கும், ஒரு கிலோகிராம் காற்றில் 0.4 கிராம் ஆவி குறைவாக உள்ளது என்று கொள்ளலாம். எதை விடக் குறைவு? ஈரக்குமிழின் வெப்பநிலையிற் காற்று முற்றாக நிரம்பியிருந்தால் எவ்வளவு ஆவியைக் கொண்டிருக்குமோ, அதை விடக் குறைவு.

விதி: காற்றிலுள்ள ஆவி = ஈரக்குமிழ் வெப்பநிலைக்குரிய நிரம்பல் அளவு – (0.4 × குமிழ்களின் வேறுபாடு).

நிரம்பல் அளவைக் கீழுள்ள அட்டவணை காட்டும். இது மேற்கூறிய உயரத்துக்கே உரியது.

வெப்பநிலை (பாகை செல்சியசு) — ஒரு கிலோகிராம் காற்றில் நிரம்பல் ஆவி (கிராம்)
–6 — 3.0
–4 — 3.5
–2 — 4.1
–1 — 4.4
0 — 4.7
1 — 5.1
2 — 5.5
3 — 5.9
4 — 6.3
5 — 6.8
6 — 7.3
8 — 8.4
10 — 9.6

தாழ்நிலத்துக்கென அச்சிடப்பட்ட அட்டவணையை மலைநாட்டிற் பயன்படுத்தலாகாது. 5 பாகையில் இங்கே 6.8 கிராம் என்றால், கடல் மட்டத்தில் அது 5.4 கிராமே. நீரிலிருந்து எழும் ஆவியின் அமுக்கம் எங்கும் ஒன்றே. ஆனால் இங்கே அதனைச் சூழும் காற்று ஐதாக உள்ளது. ஐதான காற்று கொண்டு வரும் வெப்பமும் குறைவு. அதனால், ஒரே வெப்பநிலையும் ஒரே சாரீரப்பதனும் இருப்பினும், மலையில் ஈரக்குமிழ் கடலோரத்தை விடச் சற்றுக் கீழே இறங்கி நிற்கும்.

4. மூன்று மாலைகள்

தை மாதத்தில் மூன்று வெவ்வேறு மாலைகளில், இரவு 7 மணிக்கு, ஒரு கமக்காரர் தமது உருளைக்கிழங்குப் பாத்தியருகே வெப்பமானிகளைப் பார்த்தார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாலைகளிலும் வானம் தெளிவு. உலர்குமிழ் மூன்றிலும் 10 பாகையே காட்டுகின்றது. உலர்குமிழை மட்டும் வைத்திருப்பவர்க்கு இம்மூன்று இரவுகளும் ஒன்றே. ஈரக்குமிழோ முதல் மாலை 5, இரண்டாம் மாலை 4, மூன்றாம் மாலை 3 பாகை காட்டுகின்றது.

முதல் மாலை: வேறுபாடு 5 பாகை. 0.4ஐ 5ஆற் பெருக்க 2.0 கிராம். 5 பாகைக்குரிய நிரம்பல் அளவு 6.8. ஆகவே காற்றில் உள்ளது 4.8 கிராம்.

இரண்டாம் மாலை: வேறுபாடு 6 பாகை. கழிக்க வேண்டியது 2.4. ஆகவே 6.3இலிருந்து 2.4 போக 3.9 கிராம்.

மூன்றாம் மாலை: வேறுபாடு 7 பாகை. கழிக்க வேண்டியது 2.8. ஆகவே 5.9இலிருந்து 2.8 போக 3.1 கிராம்.

முதலில் இவற்றிலிருந்து பனிபடுநிலையை அறியலாம். காற்று குளிர்ந்து செல்லும் போது எவ்வெப்பநிலையில் அதிலுள்ள ஆவியே அதனை நிரப்பப் போதுமாகின்றதோ, அதுவே பனிபடுநிலை. அட்டவணையைப் பார்த்தால், 4.8 கிராம் ஏறக்குறைய 0 பாகையிலும், 3.9 கிராம் –2 பாகைக்குச் சற்றுக் கீழும், 3.1 கிராம் –6 பாகைக்குச் சற்று மேலும் நிரம்பும். முதல் இரவில் இலை 0 பாகையை நெருங்கும் போதே அதன் மீது பனிநீர் படியத் தொடங்கும். படியும் ஒவ்வொரு கிராமும் 600 கலோரியை இலைக்குக் கொடுத்துக் குளிர்தலைத் தாமதப்படுத்தும். மூன்றாம் இரவில் அவ்வுதவி இல்லை. இலை –5 பாகை வரை இறங்கினாலும் அதன் மீது வெண்மை படியாது. காலையில் வெள்ளைத் துகள் இல்லாமலே செடி கறுத்திருப்பது இத்தகைய உலர்ந்த இரவுகளிலேயே. வெண்மை இல்லை ஆதலின் உறைபனி இல்லை என்று கருதுதல் தவறு.

இனி, அதிகாலையிற் காற்று 2 பாகைக்குக் குளிர்ந்து விட்டது என்று கொள்வோம். அப்போது நீர் தூவப்பட்ட இலை எந்நிலையில் இருக்கும்? காற்றிலுள்ள ஆவி மாலையிற் கண்ட அளவே எனக் கொண்டு, விதியை மறுபக்கமாகப் பயன்படுத்தல் வேண்டும். முதல் இரவில் ஈரக்குமிழ் 1 பாகை என வைத்துப் பார்த்தால், 5.1இலிருந்து 0.4 போக 4.7, இது 4.8க்கு மிக அண்மை. ஆகவே ஈர இலை 1 பாகையில் நிற்கும். இரண்டாம் இரவில் 0 பாகை என வைத்தால், 4.7இலிருந்து 0.8 போக 3.9, சரியாகப் பொருந்துகின்றது. ஈர இலை உறைநிலையிலேயே நிற்கும். மூன்றாம் இரவில் –1 பாகை என வைத்தால், 4.4இலிருந்து 1.2 போக 3.2, ஏறக்குறையப் பொருந்துகின்றது. காற்று உறைநிலைக்கு மேல் 2 பாகையில் இருந்தும், ஈர இலை அதற்குக் கீழே ஒரு பாகையில் நிற்கும். இந்நேரத்திற் பூவாளியால் மெல்ல நீர் தெளிப்பவர், உறைபனி வருமுன்னரே தம் கையால் அதனை வருவிப்பவராவார்.

5. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது?

நீர் தூவுதலாற் செடி காக்கப்படுவது நீரின் சூட்டினால் மட்டுமன்று. நீர் பனிக்கட்டியாக உறையும் போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகின்றது. இலையின் மீது உறைந்துகொண்டே இருக்கும் நீர் அவ்விலையை 0 பாகையை அண்டியே வைத்திருக்கும். உருளைக்கிழங்கின் இலை பெரும்பாலும் –1 முதல் –2 பாகையளவிலேயே அழிவுறும் ஆதலின், 0 பாகையில் நிற்பது அதற்குக் கேடன்று.

ஆயின் 80 கலோரி வரவுக்கு எதிரே 600 கலோரி செலவு நிற்கின்றது. ஒரு கிராம் நீர் ஆவியாவதால் இழக்கப்படும் வெப்பத்தை ஈடுசெய்ய 7.5 கிராம் நீர் உறைய வேண்டும். இலையின் மீது மெல்லிய நீர்ப்படலம் மட்டும் இருந்து, மேலும் நீர் வராதிருந்தால், அதில் எட்டரைப் பங்கில் ஒரு பங்கு ஆவியான அளவிலே எஞ்சிய நீர் முழுவதும் உறைந்து கொடுத்த வெப்பமும் தீர்ந்து விடும். அதன் பின் இலை ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு இறங்கும். குறைவாகத் தூவுவதும், இடையில் நிறுத்துவதும், தூவாமலே விடுவதை விடக் கேடாவது இதனாலேயே.

ஆகவே தொடங்கும் நேரத்தைக் காற்றின் வெப்பநிலையைக் கொண்டன்றி, ஈரக்குமிழைக் கொண்டே தீர்மானித்தல் வேண்டும். ஈரக்குமிழ் 1 பாகைக்கு இறங்குமுன் தூவத் தொடங்குதல் பாதுகாப்பானது. மேற்கூறிய மூன்று இரவுகளுக்கும் கணக்கிட்டால், ஈரக்குமிழ் 1 பாகையைத் தொடும் வேளையில் உலர்குமிழ் காட்டுவது முறையே ஏறக்குறைய 2, 4, 6 பாகைகள். அதாவது முதல் இரவிற் காற்று 2 பாகைக்கு வரும் வரை பொறுத்திருக்கலாம். மூன்றாம் இரவிலோ காற்று 6 பாகையில் இருக்கும் போதே குழாயைத் திறந்து விட வேண்டும். 7 மணிக்கு ஈரக்குமிழ் காட்டிய ஒவ்வொரு பாகைக் குறைவும், தொடங்க வேண்டிய நேரத்தை இரண்டு பாகை முன்னுக்குக் கொண்டு வருகின்றது.

நிறுத்துதலுக்கும் இதே விதி. சூரியன் எழுந்து உலர்குமிழ் 2, 3 பாகை காட்டினாலும், ஈரக்குமிழ் 0 பாகைக்கு மேலே ஏறும் வரை நிறுத்தலாகாது. இலையிலுள்ள பனிக்கட்டி தளர்ந்து நீராக வடியத் தொடங்குவதும் இதற்கு அடையாளமாகும்.

6. நீர் போதுமா?

தொடங்கு முன் நீரின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளல் வேண்டும். மென்மையான உறைபனிக்கும் மணிக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் அளவு நீர் பாத்தி முழுவதும் இடைவிடாது விழ வேண்டும். ஒரு பேர்ச்சஸ் நிலத்துக்கு இது மணிக்கு ஏறக்குறைய 76 லீற்றர். 10 பேர்ச்சஸ் பாத்தியை அதிகாலை 2 மணி முதல் 7 மணி வரை காக்க 3,800 லீற்றர் நீர் வேண்டும். ஓடையிலிருந்து குழாய் வழியே தடையின்றி நீர் வரும் பாத்திகளுக்கே இது இயலும்.

நீர் போதாதெனின், அல்லது இரவில் நடுவே நின்று விடக் கூடுமெனின், தூவாதிருப்பதே நன்று. அந்நிலையிற் செடிகளை மாலையிலேயே வைக்கோல், காய்ந்த மானாப்புல் அல்லது சாக்கினால் மூடல் வேண்டும். மூடும் பொருள் உலர்ந்திருத்தல் அவசியம். ஈரச்சாக்கு மூடியின் வேலையைச் செய்யாது ஈரக்குமிழின் வேலையையே செய்யும். அன்று முற்பகலில் மண்ணுக்கு நன்றாக நீர் பாய்ச்சி, இலைகள் மாலைக்கு முன் உலர விடுதலும் பயன் தரும். ஈரமண் பகலில் வெப்பத்தைக் கூடுதலாகச் சேமித்து இரவில் வெளிவிடும்.

தேவையற்ற இரவுகளில் நீர் தூவாதிருப்பதும் சிக்கனத்துக்காக மட்டுமன்று. இலைகள் நெடுநேரம் ஈரமாயிருத்தல் உருளைக்கிழங்கு வெளிறல் நோய்க்கு வழிவகுக்கும். முன்மாலைக் கணக்கில் ஆபத்தில்லை என்று கண்ட இரவில் இலையை உலர்ந்தே விடுக.

7. கருவியை அமைக்கும் முறை

ஒரே வகையான இரண்டு வெப்பமானிகளை வாங்குக. இரண்டையும் ஒரு வாளி நீரில் ஒன்றாக வைத்துக் கலக்கிப் பார்க்க. இரண்டும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். வேறுபடின் அவ்வேறுபாட்டைக் குறித்து வைத்துப் பின்னர் கழித்துக்கொள்க. அரைப் பாகைப் பிழை கூட மேற்கண்ட கணக்கில் தொடங்கும் நேரத்தை ஒரு பாகை மாற்றி விடும்.

துணி மெல்லிய வெள்ளைப் பருத்தியாக இருத்தல் வேண்டும். புதிய துணியிற் கஞ்சி இருக்கும் ஆதலின், சவர்க்காரமிட்டுக் கொதிக்க வைத்து நன்றாக அலசுக. குமிழை ஒரே சுற்றாக இறுக்கமாகச் சுற்றி, துணியின் வால் ஒரு சிறு போத்தல் மழைநீரில் அமிழ்ந்திருக்கச் செய்க. உவர்நீரும் எண்ணெய்க் கையும் துணியைக் கெடுக்கும். கெட்ட துணி, நீரை மேலே இழுக்காது. குமிழ் உயர்வாகக் காட்டும். துணி பழுப்பாகியோ விறைத்தோ இருந்தால் மாற்றி விடுக.

வெப்பமானிகளைச் செடியின் நுனி உயரத்திலேயே நிறுத்துக. தெளிந்த இரவிற் குளிர்காற்று நிலத்தையொட்டியும் பள்ளங்களிலும் தேங்கும். அக்ரா ஓயாவையொட்டிய தாழ்ந்த பாத்தியும், மேலேயுள்ள லயத்தின் திண்ணையும் ஒரே இரவிற் பல பாகைகள் வேறுபடலாம். திண்ணையிற் பார்த்த அளவு பாத்திக்கு உதவாது. குமிழ்கள் வானத்தை நேரே நோக்கினால் அவையே கதிர்வீசலாற் குளிர்ந்து காற்றை விடக் குறைவாகக் காட்டும். ஆகவே மேலே ஒரு சிறு பலகையைக் கூரையாக அமைக்க.

பார்க்கும் போது சுளகினாலோ மட்டையினாலோ இரண்டு குமிழ்களையும் மூன்று நான்கு நிமிடம் பலமாக விசிறுக. ஈரக்குமிழ் இறங்கி நின்று, அடுத்தடுத்து இரண்டு முறை பார்க்கையில் ஒரே அளவைக் காட்டினால் அதுவே உரிய அளவு. முதலில் ஈரக்குமிழையும் பின்னர் உலர்குமிழையும் படிக்க. மூச்சுக்காற்றும் விளக்கின் சூடும் குமிழிற் படலாகாது.

ஈரக்குமிழ் உறைநிலைக்கு வரும் போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும். துணியிலுள்ள நீர் உறையத் தொடங்கினால், உறையும் வெப்பம் வெளிப்படுவதாற் குமிழ் 0 பாகையிலேயே நெடுநேரம் அசையாது நிற்கும். அது உண்மையான ஈரக்குமிழ் அளவன்று. அதற்கும் கீழே செல்லவிருக்கின்றது என்பதற்கான அறிகுறியே. ஆதலினாலும் 1 பாகையிலேயே முடிவெடுத்தல் நன்று.

8. இக்கணக்கின் எல்லை

காற்றிலுள்ள ஆவி இரவு முழுவதும் மாறாது என்று கொண்டே மேலே கணக்கிட்டோம். பெரும்பாலும் இது சரியே. ஆயினும் பனி படிந்தால் ஆவி குறையும், மூடுபனி பள்ளத்தாக்கில் ஏறி வந்தாற் கூடும், வடகிழக்கிலிருந்து உலர்காற்று புகுந்தால் மீண்டும் குறையும். ஆகவே இரவு 7 மணிக் கணக்கை நள்ளிரவில் ஒரு முறை திரும்பச் செய்தல் வேண்டும். மேலும், தெளிந்த வானத்தின் கீழ் இலை கதிர்வீசலாற் காற்றை விட ஓரிரு பாகை கூடுதலாகக் குளிர்வது இயல்பு. ஈரக்குமிழ் கூறுவது மேற்காவுகைக்கும் ஆவியாதலுக்கும் உள்ள சமநிலையை மட்டுமே. வானத்துக்கு இழக்கப்படும் வெப்பத்தை அது கூறாது. தொடங்கும் எல்லையை 0 பாகையில் வையாது 1 பாகையில் வைத்ததற்கு இதுவும் காரணம். மிகப் பள்ளமான பாத்திகளுக்கு 2 பாகையெனக் கொள்ளுதல் நன்று.

தாழ்நில நெற்செய்கையாளருக்கு உறைபனி இல்லையெனினும் இவ்விதி பயன்படும். அறுத்த ஈரநெல்லைக் காற்றூதி உலர்த்தும் போது, மணியின் மேற்பரப்பு ஈரமாயிருக்கும் வரை அதன் வெப்பநிலை ஈரக்குமிழை அண்டியே நிற்கும். இரண்டு குமிழ்களும் ஒன்றை ஒன்று நெருங்கியிருக்கும் நாளிற் காற்றை ஊதிப் பயனில்லை. வேறுபாடு கூடும் நேரத்தையே உலர்த்தத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். நிரம்பல் அட்டவணை மட்டும் அவர்கள் தம் நிலத்தின் உயரத்துக்குரியதாக இருத்தல் வேண்டும், பாகைக்கு 0.4 கிராம் என்னும் அளவு மலையிலும் கடலோரத்திலும் ஒன்றே.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. தெளிந்த, காற்றடங்கிய தை, மாசி மாலைகளில் இரவு 7 மணிக்கு இரண்டு குமிழ்களையும் விசிறிப் படிக்க.
2. வேறுபாட்டை 0.4ஆற் பெருக்கி, ஈரக்குமிழுக்குரிய நிரம்பல் அளவிலிருந்து கழிக்க. விடை 4.7 கிராமுக்குக் குறைவாயின் வெண்மையற்ற உறைபனிக்கும் ஆயத்தமாயிருக்க.
3. ஈரக்குமிழ் 1 பாகைக்கு இறங்குமுன் தூவத் தொடங்குக. 0 பாகைக்கு மேலே ஏறும் வரை நிறுத்தற்க.
4. விடியும் வரை நீர் போதாதெனிற் தூவற்க. உலர்ந்த பொருளால் மூடுக.